நள்ளிரவு தாண்டி வந்த வட்டி முடிவு

யாழ்ப்பாணத்தில் இருந்து மாதிரிக் கணக்கில் யூரோ–டொலர் வர்த்தக நிரல் ஒன்றை ஓட்டுகிறேன். அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி முடிவுக்காக அது இரவு 11.15 முதல் 12.15 வரை நின்றிருக்கும். டிசம்பர் கூட்டத்தில் கூத்தாகிவிட்டது. நிரல் மீண்டும் தொடங்கிய கால் மணி நேரத்தில் முடிவு வெளியானது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்குமான இடைவெளி விரிந்து, நட்டம் தடுக்கும் கட்டளை குறித்த விலையைத் தாண்டி நிறைவேறியது. குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளுவார்கள். நமக்கு அந்த வழக்கமே இல்லை.

இப்போது நிரலில் `America/New_York` நேரமே இருக்கிறது: பிற்பகல் 1.45 முதல் 3.30 வரை. முடிவு 2.00 மணிக்கு வந்தாலும், 2.30 மணிச் செய்தியாளர் சந்திப்பில் விலை மறுபடி புரளும். நிறுத்தும்போது, காத்திருக்கும் கட்டளைகளையும் நிரல் நீக்கிவிடுகிறது.