ஜே.இ.இ. மெயின் விண்ணப்பத் திருத்தம்: மூன்று பெயர்களில் ஒன்றை மட்டுமே மாற்றலாம்

2025ஆம் ஆண்டு ஜே.இ.இ. மெயின் தேர்வின் முதல் அமர்வுக்கு விண்ணப்பிக்கும் காலம் 2024 நவம்பர் 22 அன்று முடிந்தது. பிழை திருத்த நவம்பர் 26, 27 என இரண்டே நாள்கள் கிடைத்தன. இரண்டாம் நாள் இரவு 11.50 மணிக்கு அதுவும் மூடப்பட்டது. என் அண்ணன் மகளின் விண்ணப்பத்தை அந்த இரண்டு நாள்களில்தான் சரிசெய்தோம். கீழே உள்ள விதிகள் அந்த அமர்வுக்கு உரியவை. ஆண்டுதோறும் தேசியத் தேர்வு முகமை வெளியிடும் அறிவிப்பில் இவை மாறக்கூடும் என்பதால், அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில், ஏற்கெனவே சமர்ப்பித்த விண்ணப்பத்தின் உறுதிப்படுத்தல் பக்கத்தைப் பதிவிறக்கி அச்சிட்டு, பத்தாம் வகுப்புச் சான்றிதழை அருகில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். திரையில் மட்டும் பார்த்தால் எழுத்துப்பிழை கண்ணில் படுவதில்லை. சிவப்புப் பேனாவும் தாளும்தான் என் தேர்வு. திருத்த வேண்டிய அனைத்தையும் குறித்த பிறகே jeemain.nta.nic.in தளத்தில் விண்ணப்ப எண், கடவுச்சொல் கொண்டு நுழையுங்கள். இது ஒரு முறை மட்டும் தரப்படும் வசதி என்று அறிவிப்பே சொல்வதால், இன்று ஒன்று, நாளை ஒன்று என்று திருத்தலாம் என நினைக்க வேண்டாம்.

சில பகுதிகளைத் தொடவே முடியாது. கைப்பேசி எண், மின்னஞ்சல், நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி, அவசரத் தொடர்பு விவரம், ஒளிப்படம் ஆகியவை பூட்டப்பட்டவை. இணைய மையத்தில் விண்ணப்பித்து, அங்கிருந்தவரின் கைப்பேசி எண்ணையே கொடுத்துவிட்டவர்கள் இங்குதான் மாட்டிக்கொள்கிறார்கள். தேர்வு நகரத்தை மாற்றலாம் என்றாலும், அந்த நகரத் தெரிவு ஏற்கெனவே கொடுத்த முகவரியை ஒட்டியே அமைகிறது. பிறந்த தேதி, பாலினம், பிரிவு, பத்து மற்றும் பன்னிரண்டாம் வகுப்பு விவரங்கள், கையொப்பம் ஆகியவற்றை மாற்ற முடிந்தது.

எங்களைத் தடுக்கி விழவைத்தது பெயர்தான். விண்ணப்பதாரரின் பெயர், தந்தை பெயர், தாய் பெயர் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை மட்டுமே மாற்றலாம். எங்களுக்கோ இரண்டு பிழைகள் இருந்தன: சான்றிதழில் பெயருக்குப் பின்னால் S என்ற தலைப்பெழுத்து உண்டு, விண்ணப்பத்தில் அது விடுபட்டிருந்தது, தந்தை பெயரிலும் ஓர் எழுத்து தவறியிருந்தது. குடும்பப்பெயர் இல்லாத நம் வழக்கத்தில், தலைப்பெழுத்தைப் பெயரின் முன்னே போடுவதா, பின்னே போடுவதா, விரித்து எழுதுவதா என்ற குழப்பம் பலருக்கும் வருவதுதான். சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே தட்டச்சு செய்வதே இதற்கு ஒரே மருந்து. எதைத் திருத்துவது என்று அண்ணன் தயங்கியபோது, அவளுடைய பெயரைத் திருத்துவோம் என்று நான் சொன்னேன். தேர்வு மையத்தின் வாசலில் அனுமதிச்சீட்டையும் அடையாள அட்டையையும் ஒப்பிடும்போது முதலில் பார்க்கப்படுவது அதுதான். தந்தை பெயரிலிருந்த பிழை அப்படியே நின்றது.

திருத்தி முடித்ததும் முன்னோட்டத்தில் சரிபார்த்து, உறுதிமொழியை ஏற்று, இறுதியாகச் சமர்ப்பிக்க வேண்டும். முன்னோட்டத்தில் புதிய விவரம் தெரிகிறது என்பதாலேயே அது பதிவாகிவிட்டதாகாது. வெளியேறி, மறுபடியும் நுழைந்து, உறுதிப்படுத்தல் பக்கத்தைப் புதிதாகப் பதிவிறக்கிப் பாருங்கள்; அதில் மாறியிருந்தால்தான் மாறியதாகக் கொள்ளலாம். கைப்பேசியில் செய்யாமல் மடிக்கணினியில் செய்வது நல்லது, பழைய பக்கத்தையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம்.

பின்னர் சேர்த்தது: அதே திருத்த நாள்களில் எனக்கு ஒருவர், தம் மகனின் பிரிவை மாற்றிய பிறகும் உறுதிப்படுத்தல் பக்கத்தில் பழைய பிரிவே இருக்கிறது என்று எழுதியிருந்தார். தமிழ்நாட்டின் பி.சி. சாதிச் சான்றிதழை வைத்து ஓ.பி.சி. என்று குறித்துவிட்டு, குடும்பம் கிரீமி லேயர் வரம்பில் வருவதால் அது பொருந்தாது என்று தெரிந்ததும் பொதுப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார். அந்த அமர்வில், இந்தியாவில் ஒரு தாள் மட்டும் எழுதும் மாணவனுக்குக் கட்டணம் ஓ.பி.சி. பிரிவில் 900 ரூபாயாகவும், பொதுப் பிரிவில் 1000 ரூபாயாகவும் இருந்தது. மாற்றத்தால் கட்டணம் கூடினால், அந்த வித்தியாசத்தைச் செலுத்திய பிறகுதான் திருத்தம் நடைமுறைக்கு வரும். அவர் அந்த 100 ரூபாயைச் செலுத்தாமலேயே வெளியேறியிருக்கிறார். மாறாகக் கட்டணம் குறையும் திசையில் மாற்றினால், கூடுதலாகச் செலுத்திய தொகை திரும்பக் கிடைக்காது. அவர் எழுதியது திருத்தக் காலத்தின் இரண்டாம் நாள் மாலை. அன்றிரவே பணம் செலுத்திப் புதிய பக்கத்தை எடுத்துவிட்டார்.