கடைப் பெயர் நினைவில் நிற்குமா? நண்பர்களை வைத்துச் சோதிக்கும் முறை

மதுரையில் கடை திறக்க நினைப்பவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டு, குலதெய்வத்தின் பெயர், தாத்தாவின் பெயர், எண் கணிதம் என்று வடிகட்டிக் கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அந்தப் பெயரை ஒரே ஒரு முறை காதால் கேட்டவர் மறுநாள் அதைத் திருப்பிச் சொல்வாரா என்று சோதித்துப் பார்ப்பவர்கள் குறைவு. ஒரு மாலைப்பொழுதும் பன்னிரண்டு நண்பர்களும் இருந்தால் இந்தச் சோதனையை நாமே செய்துவிடலாம்.

விளக்கம் முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் சுங்குடிச் சேலைகளுக்கென ஒரு சிறு கடை திறக்கிறார். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பெயர் 'மீனாட்சி சுந்தரம் சுங்குடி சேலையகம்'. துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவதுதான் சுங்குடி என்பதால், அவருடைய மகள் சொல்லும் பெயர் 'முடிச்சு'. இரண்டில் எது கேட்டவர் மனத்தில் தங்கும்?

சிறிய பெயருக்கு என்ன வசதி?

புதிதாகக் கேட்ட ஒரு பெயரை நாம் மனத்துக்குள் சொல்லிச் சொல்லித்தான் சிறிது நேரம் பிடித்து வைத்திருக்கிறோம். உளவியலாளர் ஆலன் பாட்லியும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1975-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சாட், மால்டா போன்ற குறுகிய நாட்டுப் பெயர்களின் பட்டியலைக் கேட்டபோது, செக்கோஸ்லோவாக்கியா, நிகரகுவா போன்ற நீண்ட பெயர்களின் பட்டியலைக் கேட்டபோது சொன்னதைவிட அதிகமாகத் திருப்பிச் சொன்னார்கள். ஏறத்தாழ இரண்டு நொடிகளுக்குள் எவ்வளவைச் சொல்லி முடிக்க முடியுமோ, அவ்வளவுதான் அந்தக் குறுகிய கால நினைவில் பிழையின்றி நிற்கிறது என்பது அவர்கள் கண்டது. நீளமான பெயரை ஒரு சுற்றுச் சொல்லி முடிப்பதற்குள் அதன் முதல் பகுதி மங்கத் தொடங்கிவிடுகிறது.

ஆகவே, எழுத்துகளை எண்ணுவதை விட்டுவிட்டு, சொல்வதற்கு ஆகும் நேரத்தை அளக்க வேண்டும். அதற்கு நம்மிடம் பள்ளியிலேயே படித்த அளவுகோல் ஒன்று உண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. 'காவேரி' மூன்றெழுத்துச் சொல், ஆனால் ஐந்து மாத்திரை. 'பருத்தி' நான்கெழுத்துச் சொல், ஆனால் மூன்றரை மாத்திரைதான். நம் இரண்டு பெயர்களையும் இப்படி அளந்தால், 'முடிச்சு' இறுதியில் உள்ள குற்றியலுகரத்தையும் சேர்த்து மூன்று மாத்திரை. 'மீனாட்சி' ஐந்தரை, 'சுந்தரம்' நான்கு, 'சுங்குடி' மூன்றரை, இடையிலுள்ள 'லை' குறுகி ஒலிப்பதால் 'சேலையகம்' ஐந்தரை; ஆக, நீண்ட பெயர் பதினெட்டரை மாத்திரை. இன்றைய பேச்சு வேகத்துக்கு இந்தக் கணக்கு துல்லியமாகப் பொருந்தாது என்றாலும், இரண்டு பெயர்களை ஒப்பிட இது போதும். ஐயம் இருந்தால் கைப்பேசியில் பதிவு செய்து, ஒவ்வொரு பெயரையும் ஐந்து முறை தொடர்ந்து சொல்ல எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள்.

பட்டியல் தயாரித்தல்

"இந்தப் பெயர் எப்படி இருக்கிறது?" என்று நேரடியாகக் கேட்டால், "பேரு நல்லாயிருக்கு மாப்ள" என்ற பதில்தான் வரும். நண்பர்கள் மனம் நோகச் சொல்ல மாட்டார்கள். எனவே எந்தப் பெயரைச் சோதிக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியக் கூடாது. வேறு ஏழு கடைகளின் பெயர்களுக்கு நடுவே அதை மறைத்து வைக்க வேண்டும். கடையின் வகையை முதலில் சொல்லிப் பிறகு பெயரைச் சொல்வது போல் பட்டியல் அமையட்டும்:

1. தேநீர்க் கடை: கோப்பை
2. தையல் கடை: கண்ணம்மா தையலகம்
3. சைக்கிள் கடை: சக்கரம்
4. சுங்குடிக் கடை: (சோதிக்க வேண்டிய பெயர்)
5. பூக்கடை: மலர்வனம்
6. பாத்திரக் கடை: அண்ணாமலை பாத்திர மாளிகை
7. போட்டோ ஸ்டூடியோ: ஒளிநிழல்
8. நாட்டு மருந்துக் கடை: வேம்பு

சோதிக்கும் பெயரை நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் முதலில் வருபவையும் கடைசியில் வருபவையும் தம் இடத்தாலேயே எளிதில் நினைவுக்கு வந்துவிடும். நடுவில் இருப்பது பெயரின் வலுவால் மட்டுமே வர வேண்டும். ஒலியில் நெருங்கிய பெயர்கள் ஒன்றையொன்று குழப்பும் என்பதால், 'முடிச்சு' இருக்கும் பட்டியலில் 'முறுக்கு', 'முடிவு' போன்றவை வேண்டாம். 'மீனாட்சி' இருக்கும் பட்டியலில் இன்னொரு மீனாட்சியும் வேண்டாம். மதுரையில் அதைத் தவிர்க்கச் சற்றுக் கவனம் தேவைதான்.

ஒரே பட்டியலில் இரண்டு பெயர்களையும் சேர்க்கக் கூடாது. நண்பர்களை ஆறு ஆறு பேராக இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நீண்ட பெயர் உள்ள பட்டியலையும், மற்றதற்குக் குறுகிய பெயர் உள்ள பட்டியலையும் கொடுங்கள். மற்ற ஏழு பெயர்களும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். அவற்றின் பயனைக் கணக்குப் பார்க்கும்போது சொல்கிறேன். யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். இந்தப் பெயர்களைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சு யார் காதிலாவது விழுந்திருந்தால், அவரைச் சேர்க்காதீர்கள்.

சோதனை நடக்கும் மாலை

இடம் அமைதியாக இருக்க வேண்டும். வண்டியூர்த் தெப்பக்குளப் படிக்கட்டு நண்பர்கள் கூடுவதற்கு நல்ல இடம்தான். ஆனால் திருவிழா நாளில் ஒலிபெருக்கி வைத்திருந்தால் அங்கே சோதனை வேண்டாம். வாகன இரைச்சலைவிடச் சொற்கள் உள்ள பாட்டுதான் அதிகம் கெடுக்கும். மனத்துக்குள் பெயரைச் சொல்லிப் பார்ப்பதும் வெளியிலிருந்து கேட்கும் சொற்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்.

இரண்டு பட்டியல்களையும் ஒரே குரலில் முன்கூட்டியே கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு கடையின் அறிவிப்பு தொடங்கி அடுத்தது தொடங்க ஐந்து நொடி இடைவெளி இருக்கட்டும். 'முடிச்சு' என்னும்போது குரலை உயர்த்திவிடாமல் எல்லாவற்றையும் ஒரே தொனியில் படியுங்கள். ஒரு குழுவுக்குப் போடும்போது மற்றக் குழு காதுக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு முறைதான் போட வேண்டும். "இன்னொரு தடவை போடு" என்று யாராவது கேட்டாலும் போடக் கூடாது.

பதிவு முடிந்தவுடன் எழுதச் சொல்லாதீர்கள். கடைசிப் பெயர்கள் அப்போது காதிலேயே ஒலித்துக்கொண்டிருக்கும். முந்நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து, முந்நூறு, இருநூற்றுத் தொண்ணூற்றேழு, இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு என்று அரை நிமிடம் எல்லோரையும் வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். மனத்துக்குள் பெயரைச் சொல்லிப் பார்ப்பதை இந்த எண்ணல் தடுத்துவிடும். 1959-இல் உளவியலாளர்களான பீட்டர்சன் தம்பதியர் இதே உத்தியைப் பயன்படுத்தினார்கள். மூன்றே மெய்யெழுத்துகளைக் கொடுத்து எண்ணச் சொன்னபோது, பதினெட்டு நொடிக்குள் பெரும்பாலானவை மறந்து போயிருந்தன.

பிறகு வெற்றுத்தாள் கொடுத்து, நினைவுக்கு வரும் பெயர்களை எந்த வரிசையிலும் எழுதலாம் என்று சொல்லி, இரண்டு நிமிடம் கொடுங்கள். வாயால் சொல்ல விட்டால் ஒருவர் சொன்னது மற்றவருக்கு எடுத்துக் கொடுத்துவிடும்.

மறுநாள் தொலைபேசியில்

மறுநாள் அழைத்துக் கேட்கப்போவதை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் ஒருவேளை மனப்பாடம் செய்து வருவார்கள். சொல்லாமலே அழைக்க வேண்டும். "நேற்றுச் சொன்னதில் பூக்கடையின் பெயர் என்ன? சுங்குடிக் கடையின் பெயர்? சைக்கிள் கடை?" என்று மூன்றைக் கேளுங்கள். "முடிச்சா?" என்று நீங்களாக எடுத்துக் கொடுத்தால், "ஆமாம், அதுதான்" என்பார்கள், கேட்டதை அடையாளம் காண்பது தானாக நினைவுகூர்வதைவிட மிகவும் எளிது, கடைக்கு வேண்டியதோ தானாக நினைவுக்கு வருவது. அவர் தட்டுத்தடுமாறிச் சொல்லும் சொற்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் பார்த்தல்

விடைகளைச் சரி, தவறு என்று மட்டும் பிரித்தால் முக்கியமான செய்தி தப்பிவிடும். முழுப்பெயர், கடையை அடையாளம் காட்டும் துண்டு, அடையாளம் காட்டாத துண்டு, ஒன்றுமில்லை என்று நான்காகப் பிரியுங்கள்.

விடைகள் இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம். நீண்ட பெயரைக் கேட்ட ஆறு பேரில் அன்றே முழுப்பெயரை எழுதியவர் ஒருவர். மூவர் 'மீனாட்சி' என்றோ 'மீனாட்சி சேலை' என்றோ எழுதினார்கள். இருவர் ஒன்றும் எழுதவில்லை. குறுகிய பெயரைக் கேட்டவர்களில் நால்வர் 'முடிச்சு' என்று எழுதினார்கள். மறுநாள் நீண்ட பெயரை முழுதாகச் சொன்னவர் இல்லை, 'மீனாட்சி ஏதோ' என்றவர் மூவர்; குறுகிய பெயரைச் சொன்னவரும் மூவர்.

இங்கே இரண்டு பக்கமும் மூவர் என்று ஏமாந்துவிடக் கூடாது. ஆட்டோக்காரரிடம் 'மீனாட்சி' என்று சொன்னால் அவர் எந்தக் கடைக்கு அழைத்துப் போவார்? நீண்ட பெயரை மக்கள் தாங்களாகவே வெட்டிச் சுருக்குவார்கள். பெரும்பாலும் எஞ்சுவது முதல் சொல். அந்த முதல் சொல் இந்த ஊரில் பலருக்கும் பொதுவான சொல்லாக இருப்பதுதான் இந்தப் பெயரின் சிக்கல். இதே காரணத்தால், பெயரை வெறுமே 'மீனா' என்று சுருக்கி நெடில் இரண்டும் சேர்ந்து நான்கு மாத்திரையில் அடக்கினாலும் நிலைமை மாறாது. நினைவில் எளிதாக நிற்கும், ஆனால் வேறொரு கடையின் பெயராக நிற்கும்.

இனி அந்த ஏழு பெயர்களுக்கு வருவோம். அவற்றில் சராசரியாக எத்தனையை ஒவ்வொரு குழுவும் எழுதியது என்று பாருங்கள். இரண்டு குழுவும் நான்கை ஒட்டி எழுதியிருந்தால், குழுக்களின் நினைவாற்றல் ஏறத்தாழ ஒன்று என்று கொள்ளலாம். ஒரு குழு ஐந்தும் மற்றது மூன்றும் எழுதியிருந்தால், வேறுபாடு பெயரால் வந்ததா ஆட்களால் வந்ததா என்று சொல்ல இயலாது. புதிய ஆட்களை வைத்து மீண்டும் செய்ய வேண்டும்.

ஆறு பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் மறக்க வேண்டாம். நான்குக்கு மூன்று என்றால் அது ஒன்றுமே இல்லை. மேலே பார்த்த நான்குக்கு ஒன்றுகூடத் தற்செயலாக வரக்கூடியதுதான். ஐந்துக்குச் சுழியம் என்று வந்தால்தான் ஒரே சோதனையை வைத்து ஓரளவு நம்பலாம். இடைப்பட்டவற்றுக்கு அலுவலக நண்பர்கள், தெருக்காரர்கள், திருமங்கலத்திலோ மேலூரிலோ உள்ள உறவினர்கள் என்று வேறு குழுக்களில் திரும்பச் செய்து, ஒரே பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள்.

பெரியவர்கள் வைத்த பெயரை விட முடியாது என்றால், பதிவுச் சான்றிதழிலும் ரசீதிலும் முழுப்பெயர் இருக்க, பலகையில் பெரிய எழுத்தில் 'முடிச்சு' என்றும் கீழே சிறிய எழுத்தில் முழுப்பெயர் என்றும் எழுதலாம். அப்போது பலகையின் படத்தை ஐந்து நொடி காட்டி, அதே அரை நிமிட எண்ணலுக்குப் பிறகு எழுதச் சொல்லுங்கள். முதல் சோதனைக்கு வந்தவர்களை இதற்கு அழைக்கக் கூடாது; சுங்குடிக் கடை என்றதுமே அவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள்.