நீலத்திரை காட்டும் பழைய கணினி: பணத்தை எடுப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தம்பி, பையன் பள்ளி வேலையைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே திரை நீலமாகிக் கணினி நின்றுவிடுகிறது. கடையில் மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள். சரிசெய்யட்டுமா, புதிது வாங்கட்டுமா?" எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்கா கேட்டார். 2015-இல் வாங்கிய மேசைக் கணினி. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3 செயலி, 1 டி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. வாங்கியபோது 4 ஜி.பி. ரேம் இருந்தது, கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்காக இன்னொரு 4 ஜி.பி. சேர்த்திருக்கிறார்கள். மதர்போர்டு மாற்ற 4,500 ரூபாய், விண்டோஸ் மறுபடி போட 500 ரூபாய் என்று கடையில் கணக்குச் சொல்லியிருந்தார்கள்.

கெட்டது எந்தப் பாகம் என்று தெரியாமல் இந்தக் கேள்விக்கு யாராலும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் பாகம் தெரிவதற்கு முன்பே பணம் கைமாறிவிடுகிறது.

ஃபார்மட்டில் தொடங்குவது

முதல் தவறு இதுதான். நீலத்திரை என்றதும் "விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதற்கு மேல் ஓடினால் தரவு பாழாகும் என்று விண்டோஸ் முடிவுசெய்து தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்போது வருவதே நீலத்திரை. பாகங்களை இயக்கும் டிரைவர் மென்பொருளில் கோளாறு இருந்தால் ஃபார்மட் உதவும். ரேம், ஹார்ட் டிஸ்க், மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். இவற்றில் ஒன்று கெட்டிருந்தால், புதிய விண்டோஸும் சில நாளில் அதே இடத்தில் வந்து நிற்கும். அதற்குள் டெஸ்க்டாப்பில் இருந்த குடும்பப் புகைப்படங்கள் போயிருக்கும்.

அக்கா வீட்டுக் கணினிக்கு ஆறு மாதத்துக்கு முன்பே ஒருமுறை விண்டோஸ் புதிதாகப் போட்டிருந்தார்கள். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடிவிட்டு மறுபடி நீலமானது. படங்கள் எல்லாம் டி டிரைவில் இருந்ததால் தப்பின. புதிதாகப் போட்டும் திரும்பி வந்ததே ஒரு துப்பு: மென்பொருளைவிட வன்பொருள் மீதுதான் சந்தேகம் கூடுகிறது. அந்தத் துப்பைக் கடையில் யாரும் பொருட்படுத்தவில்லை; இரண்டாவது ஃபார்மட்டுக்கும் விலை சொல்லிவிட்டார்கள்.

ஒரே ஒரு குறியீட்டை நம்புவது

நீலத்திரையின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு குறியீடு வரும். பலருடைய கணினியில் அதைப் படிப்பதற்குள் இயந்திரம் தானாக மறுபடி தொடங்கிவிடுகிறது. விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
sysdm.cpl
```

திறக்கும் சாளரத்தில் Advanced, அதில் Startup and Recovery பகுதியின் Settings. அங்கே Automatically restart என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டால், அடுத்த முறை திரை அப்படியே நிற்கும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதாது, மூன்று நான்கு சேரட்டும்.

ஒரு குறியீட்டை இணையத்தில் தேடி, அதில் சொன்ன பாகத்தை வாங்கிப் போடுவதில்தான் பணம் வீணாகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே குறியீடு, கூடவே .sys என்று முடியும் ஒரே டிரைவர் பெயர் வந்தால், அந்த டிரைவரை மாற்றினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும், செலவே இல்லை. KERNEL_DATA_INPAGE_ERROR திரும்பத் திரும்ப வந்து, அதற்கு முன் கணினி உறைந்து நின்றால் ஹார்ட் டிஸ்கையும் அதன் கேபிளையும் பார்க்க வேண்டும். கேபிள் மலிவானது, அதையே முதலில் மாற்றுங்கள். WHEA_UNCORRECTABLE_ERROR என்றால் சூடு, மின்சாரம், செயலி, மதர்போர்டு என்று வட்டம் விரியும். நீலத்திரையே வராமல் பட்டென்று அணைந்து மறுபடி தொடங்கினால் என் முதல் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மீதுதான், அதைக் கடைக்காரர் வேறொரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். மாட்டி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அக்கா அனுப்பிய படங்களில் மூன்று வெவ்வேறு குறியீடுகள் இருந்தன: MEMORY_MANAGEMENT, IRQL_NOT_LESS_OR_EQUAL, PAGE_FAULT_IN_NONPAGED_AREA. நீலத்திரைப் பதிவுகளைப் படித்துக்காட்டும் ஒரு சிறு மென்பொருளைப் பையனே இறக்கிப் பார்த்து, "எல்லாவற்றிலும் ntoskrnl.exe என்றுதான் இருக்கிறது, அண்ணா. அந்தக் கோப்பு கெட்டுவிட்டதா?" என்று கேட்டான். அது விண்டோஸின் கருவான கோப்பு. அடி வாங்கியதும் அலறுவது அதுதான் என்பதால் பதிவில் அதன் பெயர் வந்துகொண்டே இருக்கும். அடித்தது யார் என்பதை அது சொல்லாது. குறியீடு ஆளுக்கொரு பக்கமாகத் தாவுகிறது என்றால் முதலில் சோதிக்க வேண்டியது ரேம்.

ரேமைச் சோதிக்காமலே மதர்போர்டைக் குற்றம் சொல்வது

கெட்ட ரேம், எழுதியதைத் திருப்பிப் படிக்கும்போது எங்கோ ஓர் இடத்தில் மாற்றித் தரும். அந்த இடத்தில் அந்த நேரம் எந்த மென்பொருள் இருந்ததோ அது குலையும். அதனால்தான் ஒருநாள் பிரவுசர், மறுநாள் விளையாட்டு, அதற்கடுத்த நாள் சும்மா இருக்கும்போதே என்று கணினி மனம்போனபடி விழுகிறது. வெளியே இருந்து பார்த்தால் மதர்போர்டு கோளாறு போலவே தெரியும்.

விண்டோஸிலேயே mdsched.exe என்ற சோதனை இருக்கிறது. அது பிழை காட்டினால் நம்பலாம். பிழை இல்லை என்று சொன்னால் முழுக்க நம்ப வேண்டாம். மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, இரவு முழுவதும் ஓடவிடுவது மேல். இதற்கான இலவசப் பதிப்பே போதும்.

இரண்டு ரேமையும் சேர்த்துச் சோதித்தால் எது கெட்டது என்று தெரியாது. கணினியை அணைத்து, மின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, தொடக்கப் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்து, பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டு ரேமில் கைவையுங்கள். இரு முனையிலும் உள்ள பிடிகளை வெளிப்பக்கம் தள்ளினால் ரேம் மேலே எழும்பும். கீழ் விளிம்பில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பற்களைப் பாருங்கள். அக்கா வீட்டில் அவை மங்கிப் பழுப்பேறியிருந்தன. உலர்ந்த மென்மையான ரப்பரால் லேசாகத் துடைத்து, துகளை ஊதிவிட்டு, பிடிகள் சொடுக்கிக்கொள்ளும் வரை அழுத்தி மாட்டினோம். சில கணினிகளில் இந்த ஒரு வேலையிலேயே நோய் போய்விடும். இங்கே போகவில்லை.

முதல் இரவு பழைய ரேமை மட்டும் வைத்து ஓட்டினோம். காலையில் பிழை பூஜ்யம். அடுத்த இரவு, அதே பள்ளத்தில், பிறகு சேர்த்த ரேமை மட்டும் வைத்தோம். கொஞ்ச நேரத்திலேயே திரையில் சிவப்பு வரிகள் ஏறத் தொடங்கின. ஒரு பிழை வந்தாலே அந்த ரேம் ஆகாது. அதோடு நிறுத்தாமல், நல்ல ரேமை இரண்டாவது பள்ளத்தில் மாட்டியும் ஓட்டிப் பார்த்தோம். அங்கேயும் பிழை வந்திருந்தால் கோளாறு பள்ளத்தில், அதாவது மதர்போர்டில் என்று ஆகியிருக்கும். கடைக்காரர் சொன்னது சரியாகப் போயிருக்கும். பிழை வரவில்லை. 4,500 ரூபாய் வேலை அங்கேயே தேவையற்றதாகிவிட்டது.

நோயோடு இருக்கும் கணினியில் படங்களை நகலெடுப்பது

இதைப் பற்றி எச்சரிப்பவர்கள் குறைவு. "எதற்கும் முதலில் படங்களை வெளி டிஸ்கில் எடுத்து வைத்துவிடுங்கள்" என்பது பொதுவாக நல்ல அறிவுரைதான். ஆனால் நகலாகும் ஒவ்வொரு கோப்பும் ரேம் வழியாகத்தான் போகிறது. ரேம் கெட்டிருந்தால் நகலும் கெடலாம். கணினி எந்த எச்சரிக்கையும் தராது. வருடங்கள் கழித்துத் திறக்கும்போது படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் பட்டையாக இருக்கும். அதனால் சந்தேகப்படும் ரேமைக் கழற்றிவிட்டு நகலெடுங்கள். அல்லது ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, யு.எஸ்.பி. இணைப்பி வழியாக வேறொரு நல்ல கணினியில் மாட்டி எடுங்கள்.

சந்தேகம் ஹார்ட் டிஸ்க் மீது என்றால் அவசரம் கூடுதல். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் Current Pending Sector Count என்ற வரியில் Raw Values எண் பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால், படிக்க முடியாத இடங்கள் டிஸ்கில் இருக்கின்றன. அந்த நிலையில் டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்யும் chkdsk /r கட்டளையை ஓட்டுவது, ஃபார்மட் செய்வது எல்லாம் சாகக் கிடக்கும் டிஸ்கை ஓடச் சொல்வதுதான். முதலில் படங்கள், பிறகே மற்றது.

அடுத்த கணினிக்குப் போகாத பாகத்தில் பணம் போடுவது

கோளாறு தெரிந்த பிறகுதான் அக்காவின் கேள்விக்கு வருகிறோம். கெட்ட ரேமைக் கழற்றியதும் நீலத்திரை நின்றது. ஆனால் வேறொன்று மிச்சமிருந்தது. விண்டோஸ் 10-க்கான பொதுவான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். நான்காம் தலைமுறை ஐ3 அந்தப் பட்டியலில் இல்லை. குறுக்குவழியில் போட்டுத்தர ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிப் போட்டதற்குப் புதுப்பிப்பு தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை.

எனவே நான் பார்ப்பது ஒன்றே: வாங்கும் பாகம் அடுத்த கணினிக்கும் போகுமா? ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் சாட்டா எஸ்.எஸ்.டி. போகும். தரமான எஸ்.எம்.பி.எஸ். வழக்கமான அளவுப் பெட்டி என்றால் போகும். இந்தக் கணினியில் இருக்கும் டி.டி.ஆர்.3 வகை ரேம் போகாது. ஆனால் பழையது சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதால் மன்னிக்கலாம். நான்காம் தலைமுறைக்கான மதர்போர்டு எங்கேயும் போகாது. புதுத் தலைமுறை மதர்போர்டு வாங்கினால் செயலி, ரேம் இரண்டும் கூடவே மாற வேண்டும். அது பழுதுபார்ப்பு என்ற பெயரில் புதுக் கணினி வாங்குவது.

"அப்படியானால் இப்போது என்ன செய்யட்டும், தம்பி?" என்றார் அக்கா. பழைய 4 ஜி.பி. ரேம் ஒன்று, ஓர் எஸ்.எஸ்.டி., அவ்வளவுதான் வாங்கச் சொன்னேன். பையனுக்குத் தேவை பிரவுசரும் தட்டச்சும் என்பதால், விண்டோஸுக்குப் பதிலாக, இன்னும் புதுப்பிப்பு கிடைக்கும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தோம். வங்கிக் கணக்கை அவர் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்கிறார். பையன் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்து, விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் ஏதாவது தேவைப்பட்டால் அப்போது மாற்றலாம். மதர்போர்டே கெட்டிருந்தாலோ, அதன் மேல் உருளை மின்தேக்கிகள் தலை உப்பி நின்றாலோ, எஸ்.எஸ்.டி. கூட வாங்க வேண்டாம், நேரே மாற்றிவிடுங்கள் என்றிருப்பேன்.

மாற்றும் நாள் வந்தால், அலுவலகங்களிலிருந்து கழித்து வரும் எட்டாம் தலைமுறைக் கணினியே வீட்டுக்குப் போதும். சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. கடையிலேயே tpm.msc திறந்து, பதிப்பு 2.0 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். ஒல்லியான சிறு பெட்டியாக இருந்தால் அதன் எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் அந்த மாடலுக்கே உரிய வடிவத்தில் இருக்கும், கெட்டால் தேடித்தான் வாங்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும் பெரிய பெட்டி அதே விலையில் கிடைத்தால் அதை எடுங்கள். திருப்பிக் கொடுக்கும் அவகாசம் எத்தனை நாள் என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு, அந்த நாட்களுக்குள்ளேயே ஓர் இரவு மெம்டெஸ்ட்86 ஓட்டிவிடுங்கள்.