திருப்பாவையின் ‘பறை’: மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பாவையை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர்கள் முதல் பாசுரத்திலேயே தடுமாறும் இடம், ‘நாராயணனே நமக்கே பறை தருவான்’ என்னும் அடி. பறை என்பது நோன்புக்கு வேண்டிய முரசு; ஆயர் சிறுமியர் கண்ணனிடம் கேட்கப் போவதாகச் சொல்வது அதைத்தான். வைணவ உரைகாரர்களோ அந்தச் சொல்லில் கைங்கரியத்தை, அதாவது இறைவனுக்குச் செய்யும் தொண்டை, காண்கிறார்கள்.

வியாக்கியானம் படித்துவிட்டு எழுத உட்காருபவர் செய்யும் முதல் தவறு, உரைப்பொருளையே பாட்டுக்குள் வைத்து ‘நாராயணன் நமக்குத் தொண்டை அருள்வான்’ என்று பெயர்ப்பது. நானும் முதல் வரைவில் இப்படித்தான் எழுதினேன். இருபத்தொன்பதாம் பாசுரத்துக்கு வந்தபோதுதான் அதன் விலை தெரிந்தது. அங்கே ஆண்டாள் ‘இற்றைப் பறை கொள்வான் அன்று காண் கோவிந்தா’ என்கிறாள். இன்று பறையைப் பெற்றுப் போவதற்காக நாங்கள் வரவில்லை என்று சொல்லி, ‘உனக்கே நாம் ஆட்செய்வோம்’ என்று உள்ளக்கிடக்கையைத் திறக்கிறாள். முதல் பாசுரத்திலேயே பறையைத் தொண்டு என்று மாற்றிவிட்டால், இங்கே ‘தொண்டுக்காக வரவில்லை, தொண்டு செய்வோம்’ என்ற முரண்தான் மிஞ்சும்.

இடத்துக்கு இடம் வேறு சொல் போடுவது இரண்டாவது தவறு. ஓரிடத்தில் முரசு, வேறோரிடத்தில் வரம், பின்னர் பரிசு என்று போனால், அந்தச் சிறுமியர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே பொருளை என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும். ஆகவே முரசு என்னும் பொருள் தரும் ஒரே ஆங்கிலச் சொல்லை எல்லாப் பாசுரங்களிலும் நிறுத்துவதே சரி என்பது என் முடிவு.

அப்படி நிறுத்தினால், முரசுக்காக ஏன் இவ்வளவு மன்றாட்டு என்று வெளியார் ஒருவர் முதல் பாசுரத்திலேயே திகைப்பார். அங்கே குறிப்பு வேண்டும். ‘பறை: நோன்புக்கு வேண்டிய முரசு, வேண்டிப் பெறும் பேறு என்றும் கொள்வர்’ என்ற அளவே போதும். கைங்கரியத்தை அந்தக் குறிப்பில் சொல்லிவிடக் கூடாது, ஏனெனில் இருபத்தொன்பதாம் பாசுரம் தானே திறக்க வேண்டிய கதவை அது முன்கூட்டியே திறந்துவிடும்.

இருபத்தாறாம் பாசுரத்தின் ‘சாலப் பெரும் பறையே’ என்பதற்குக் குறிப்பே வேண்டாம். சங்கு, விளக்கு, கொடி, விதானம் ஆகியவற்றோடு சேர்ந்து வருவதால் அது முரசு என்பது அடியிலேயே விளங்கிவிடுகிறது. ‘நாராயணனே நமக்கே’ என்பதில் உள்ள இரண்டு ஏகாரங்களும் அப்படியே: அவன்தான், நமக்குத்தான் என்ற அழுத்தத்தைப் பெயர்ப்பின் வாக்கிய அமைப்பிலேயே கொண்டுவந்துவிடலாம். அதை அடிக்குறிப்புக்குத் தள்ளினால் அடி வலுவிழந்துவிடும்.

குறிப்பு தேவையா என்று ஐயம் வரும்போது, தமிழ் அறியாத ஒருவரிடம் பெயர்ப்பை மட்டும் வாசித்துக் காட்டி, சிறுமியர் என்ன கேட்கிறார்கள் என்று வினவிப் பார்க்கிறேன். முரசு என்று சொல்லி, இருபத்தொன்பதாம் பாசுரத்தில் ‘அப்படியானால் முரசு இல்லையா?’ என்று அவர் நிமிர்ந்தால், அந்த இடத்தில் நான் எதுவும் எழுதுவதில்லை.