நீங்கள் யூனியனில் இல்லை. யூனியன் போட்ட ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்துமா?

ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் ஆலை வாசலில் ஒரு வாக்குவாதம் தவறாமல் நடக்கும். "நான் எந்த யூனியனிலும் சந்தா கட்டவில்லை, அவர்கள் போட்ட கையெழுத்து என்னை எப்படிக் கட்டுப்படுத்தும்?" என்பார் ஒருவர். "பெரும்பான்மை யூனியன் போட்டது, எல்லாருக்கும்தான்" என்பார் இன்னொருவர். இருவரும் தவறான இடத்தில் பதிலைத் தேடுகிறார்கள். இந்தியச் சட்டம் முதலில் பார்ப்பது நீங்கள் உறுப்பினரா என்பதையல்ல, யூனியனுக்கு எத்தனை பேர் என்பதையும் அல்ல. ஒப்பந்தம் எந்த வழியில் போடப்பட்டது என்பதைத்தான்.

1947-ன் தொழில் தகராறுகள் சட்டம் இரண்டு வழிகளைக் காட்டியது. நிர்வாகமும் யூனியனும் தாங்களாகவே உட்கார்ந்து பேசிக் கையெழுத்திட்டால் அது 18(1) ஒப்பந்தம். தகராறு தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போய், அவர் நடத்தும் பேச்சுவார்த்தையில் முடிவானால் அது 12(3) ஒப்பந்தம். இப்போது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020 வந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள் மாறினாலும் இந்த இரண்டு வழிகளும், அவற்றுக்கு இடையிலான வித்தியாசமும் அதில் அப்படியே இருக்கின்றன. ஆலைகளில் இன்னும் "பன்னிரண்டு மூணு", "பதினெட்டு ஒண்ணு" என்றே பேசுகிறார்கள் என்பதால் நானும் பழைய எண்களையே சொல்கிறேன்.

ஓர் ஆலையைக் கற்பனை செய்துகொள்வோம். நிரந்தரத் தொழிலாளர்கள் 400 பேர். அதில் 260 பேர் ஒரு யூனியனில். மீதி 140 பேரில் சிலர் சின்ன யூனியன் ஒன்றில், பலர் எதிலும் இல்லை. பெரிய யூனியன் மூன்றாண்டு ஒப்பந்தம் போடுகிறது: மாதச் சம்பளத்தில் 5,400 ரூபாய் உயர்வு, பதிலுக்கு ஒரு ஷிஃப்டுக்கு 40 உருப்படி என்றிருந்த உற்பத்தி அளவு 46 ஆகிறது.

இது 18(1) என்றால், கட்டுப்படுவது கையெழுத்திட்ட தரப்புகள் மட்டும்தான்: நிர்வாகம், யூனியன், யூனியன் வழியாக அதன் 260 உறுப்பினர்கள். மீதி 140 பேருக்கு இந்தத் தாள் வேறு இருவருக்கிடையே நடந்த உடன்படிக்கை. "46 போடு, ஒப்பந்தத்தில் இருக்கிறது" என்று அதைக் காட்டி அவர்களிடம் கேட்க முடியாது. அதேபோல அந்த 5,400 ரூபாயை "ஒப்பந்தப்படி என் உரிமை" என்று அவர்களாலும் கேட்க முடியாது. இந்த இரண்டாவது பாதியை வெளியே நிற்பவர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள்.

இதே ஒப்பந்தம் 12(3) என்றால் கதையே வேறு. தகராறு எழுந்த தேதியில் அந்த நிறுவனத்திலோ, தகராறு சம்பந்தப்பட்ட அதன் பிரிவிலோ வேலையில் இருந்த எல்லாரையும் அது கட்டுப்படுத்தும். அதற்கு அப்புறம் வேலைக்குச் சேர்பவர்களையும் சேர்த்துத்தான். அடுத்த வருடம் சேரப்போகும் பையனுக்கு அந்தப் பேச்சுவார்த்தை நடந்ததே தெரிந்திருக்காது. ஆனாலும் 46 உருப்படி அவனுக்கும் உண்டு, சம்பள உயர்வும் உண்டு. 140 பேரும் உள்ளே வந்துவிடுவார்கள், சின்ன யூனியன் கையெழுத்திட மறுத்திருந்தாலும்.

இந்த மறுப்பு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "எங்கள் யூனியன் கையெழுத்துப் போடவில்லை" என்பது 12(3) முன்னால் எடுபடாது. கோவை லோட்டஸ் மில்ஸ் வழக்கில் நடந்தது இதுதான். வேலை கொடுக்க முடியாமல் தொழிலாளியைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதுதான் லே-ஆஃப்; அதற்கான இழப்பீடு பற்றி மற்ற யூனியன்கள் 12(3) ஒப்பந்தம் போட்டன. ஒரு யூனியன் சேரவில்லை. அந்த யூனியனைச் சேர்ந்த தொழிலாளர்கள் முழு இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார்கள். அவர்கள் வாதத்தில் சாரம் இருந்தது. லே-ஆஃப் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதியைக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் 45 நாளைத் தாண்டிய லே-ஆஃபுக்குக் கொடுக்காமல் விட வேண்டுமானால், தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே அப்படி ஓர் உடன்பாடு இருக்க வேண்டும் என்பது சட்டம். நாங்கள் யாரும் அப்படி உடன்படவில்லையே என்றார்கள். 1997-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சமரச நடவடிக்கையில் உருவான ஒப்பந்தம் எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்பதால், அதுவே அந்தத் தொழிலாளிகளின் உடன்பாடாகவும் கணக்கில் வரும் என்றது. அதற்கு ரொம்ப முன்னால், 1960-ல் ராம்நகர் சர்க்கரை ஆலை வழக்கிலும் இதே நிலைதான்: ஒரு யூனியன் சமரசத்தில் கையெழுத்திட்டுவிட்டால், அது நடைமுறையில் இருக்கும்போது அதே விஷயத்துக்காக இன்னொரு யூனியன் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம்.

முத்திரையைப் பார்த்து ஏமாறுவது

அப்படியானால் கையில் இருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடைசிப் பக்கத்தில் தொழிலாளர் துறையின் ரப்பர் ஸ்டாம்ப் இருந்தால் 12(3) என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரப்படக் கூடாது. தாங்களாகப் பேசி முடித்த 18(1) ஒப்பந்தத்தின் நகலையும் துறைக்கு அனுப்புவது வழக்கம்தான். அங்கே "பெறப்பட்டது" என்று ஒரு முத்திரை விழும். அது தபால் வந்து சேர்ந்ததற்கான அடையாளம், அவ்வளவுதான்.

இன்னொரு தந்திரமும் உண்டு. சமரசப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே நிர்வாகமும் ஒரு யூனியனும் வெளியே தனியாகப் பேசி முடித்துவிட்டு, "சமரசம் நிலுவையில் இருந்தபோது போட்டதுதானே, 12(3)தான்" என்பார்கள். பாட்டா ஷூ கம்பெனி வழக்கில் 1961-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக மறுத்தது. தேதி அந்தக் காலத்துக்குள் விழுந்தால் மட்டும் போதாது; சமரச அலுவலரின் உதவியோடும் அவருடைய இசைவோடும் உருவானதாக இருக்க வேண்டும். ஏன் இவ்வளவு கறார்? கையெழுத்தே போடாத ஒருவரை இது கட்டிப்போடுகிறது. பேரம் நியாயமாக நடந்ததா என்று பார்க்க வெளியாள் ஒருவர் அங்கே இருந்தார் என்ற நம்பிக்கையில்தான் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. அவர் பெயரளவுக்கு இருந்தால் அந்த நம்பிக்கைக்கு என்ன அர்த்தம்?

ஆகவே நகலை வாங்கி முதல் பக்கத்தைப் படியுங்கள். எந்தப் பிரிவின் கீழ் என்று அங்கே எழுதியிருக்கும். பின்பு கையெழுத்துப் பக்கத்தில் சமரச அலுவலர் தம் பதவியோடு கையெழுத்திட்டிருக்கிறாரா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால், அந்தத் தகராறுக்குச் சமரசக் கோப்பு இருந்ததா, பேச்சுவார்த்தை எந்தத் தேதிகளில் நடந்தது என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள். யாரைப் பற்றிய தகராறு என்பதையும் கவனியுங்கள். தறிப் பிரிவுக்கென்று போட்ட ஒப்பந்தம் நூற்புப் பிரிவில் இருப்பவருக்குத் தானாக வராது.

"பணத்தை வாங்கிட்டீங்க, அதனால் கட்டுப்பட்டுட்டீங்க"

18(1) போட்ட நிர்வாகத்துக்கு ஒரு தலைவலி: 260 பேருக்கு ஒரு விதி, 140 பேருக்கு வேறு விதி என்று ஆலையை ஓட்ட முடியாது. அதனால் உயர்த்திய சம்பளத்தை எல்லாருக்கும் போட்டுவிடுவார்கள். இரண்டு மாதம் கழித்து 46 உருப்படி கேட்பார்கள். மறுத்தால், "வாங்கினது வாங்கினதுதானே?" என்பார்கள்.

ஜக்ராகான் சுரங்க வழக்கில் 1974-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்கு நேர் எதிர். ஒப்பந்தத்தில் தரப்பாக இல்லாத தொழிலாளி அதன் பலனை வாங்கிக்கொண்டார், அல்லது பேசாமல் இருந்தார் என்பதாலேயே அது அவரைக் கட்டுப்படுத்திவிடாது.

ஆனால் இந்தத் தீர்ப்பைக் கேள்விப்பட்டவர்கள் வேறொரு குழியில் விழுகிறார்கள். உயர்வைக் கொடுக்கும் முன்பு நிர்வாகம் ஒரு பக்கப் படிவம் நீட்டும்: "மேற்படி ஒப்பந்தத்தின் ஷரத்துகளை முழுமையாக ஏற்கிறேன்." சம்பள ஸ்லிப் வாங்குவதுபோல அதில் கையெழுத்திட்டு விடுகிறார்கள். பணத்தை வாங்குவது வேறு, இந்தத் தாளில் கையெழுத்திடுவது வேறு. இரண்டாவது உங்களையே ஒரு தரப்பாக்கிவிடும். அப்புறம் ஜக்ராகான் தீர்ப்பைக் காட்ட முடியாது. 5,400 வேண்டும், 46 வேண்டாம் என்றால் அந்தப் படிவம் அதற்கான இடமல்ல.

18(1) என்றால் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைப்பது

கட்டுப்படுத்தாது என்பதால் அதற்கு எடையே இல்லை என்று ஆகிவிடாது. வெளியே நிற்கும் 140 பேர் தனியாகத் தகராறு எழுப்பி, அது தீர்ப்பாயம் வரை போனது என்று வையுங்கள். அங்கே நிர்வாகம் அந்த 18(1) ஒப்பந்தத்தைத்தான் முன்னால் வைக்கும். ஹெர்பர்ட்சன்ஸ் வழக்கில் (1976) உச்ச நீதிமன்றம் எடுத்த நிலைப்பாடு, இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை ஒவ்வொரு ஷரத்தாகப் பிய்த்துப் பார்க்காமல் மொத்தமாகப் பார்க்க வேண்டும் என்பது. ஓர் இனத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து இன்னொன்றில் வாங்கியிருப்பார்கள். பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டிருந்து, மொத்தத்தில் நியாயமாகவும் இருந்தால் அதற்கே மதிப்புக் கிடைக்கும். தீர்ப்பாயம் அதே ஷரத்துகளைத் தன் தீர்ப்பாகவே எழுதிவிட்டால், அந்தத் தீர்ப்பு 140 பேரையும் கட்டுப்படுத்தும். தனியே போராடினால் இன்னும் 2,000 கூடக் கிடைக்கும் என்று கணக்குப் போடுபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒப்பந்தம் நியாயமற்றது, பெரும்பான்மையே இல்லாத யூனியனோடு போட்டது என்று காட்ட ஆதாரம் இருந்தால் மட்டும் அந்த வழி தேறும்.

காலாவதி பற்றிய குழப்பம்

மூன்று வருடம் முடிந்த மறுநாள் காலை "ஒப்பந்தம் செத்துப்போச்சு, இனி 40தான் போடுவோம்" என்று ஆரம்பிக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அது தானாகச் சாகாது. குறித்த காலம் முடிந்த பிறகும், ஒரு தரப்பு மற்ற தரப்புக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து அறுபது நாள் ஆகும் வரை அது கட்டுப்படுத்திக்கொண்டே இருக்கும். புதிய ஒப்பந்தமோ தீர்ப்போ வரும்வரை வேலை நிலைமைகளும் பழையபடியே தொடரும் என்பதுதான் 1980-ல் எல்.ஐ.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை. யூனியனில் இல்லாத ஒருவர் தன்னிச்சையாக ஒரு கடிதம் எழுதி 12(3) ஒப்பந்தத்தை முடித்துவைக்கவும் முடியாது. அறிவிப்பு அதில் தரப்பாக இருப்பவர்களிடமிருந்து வர வேண்டும். யூனியன் தரப்பிலிருந்து அந்த அறிவிப்பு போயிருக்கிறதா, எந்தத் தேதியில் போனது என்று கேட்டுவிட்டு அப்புறம் மெஷின் பக்கம் போங்கள்.