பிரிண்டர் காட்டும் மை அளவை நம்பலாமா? டேங்க் பிரிண்டருக்கு ஒரு செய்முறை

வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியை காலண்டரில் குறித்து வைத்து, "இன்னும் பத்து நாள் வரும்" என்பார்கள். யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. பெரும்பாலான இங்க் டேங்க் பிரிண்டர்கள் மை அளவைச் சொல்வதும் இப்படித்தான். டேங்கில் எவ்வளவு மை இருக்கிறது என்று அளப்பதில்லை. தெளித்த துளிகளையும், மை தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கில் போன மையையும் மொத்தத்திலிருந்து கழிக்கிறது, அவ்வளவுதான்.

என் வீட்டில் கணக்கு பிசகியது இப்படி. 70 மில்லி கறுப்பு டேங்கில் சுமார் 30 மில்லி இருந்தது. மேலே 20 மில்லி ஊற்றிவிட்டு, திரையில் கேட்டதற்கு "நிரப்பியாச்சு" என்று அழுத்திவிட்டேன். உள்ளே இருந்தது 50, பிரிண்டர் நினைத்தது 70. கடைசிச் சொட்டு தீர்ந்தபோதும் மீட்டர் கால் பங்குக்கு மேல் காட்டியது. எச்சரிக்கையே வரவில்லை!

படி 1: மீட்டரை விடுங்கள். பிரிண்டரைச் சமதளத்தில் வைத்து, போன் டார்ச்சை அடித்து டேங்கைப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கு மேலே மை இருந்தால் எச்சரிக்கை வந்திருந்தாலும் பயமில்லை.

படி 2: கீழ்க்கோட்டைத் தொட்டால் மேல்கோடு வரை ஊற்றுங்கள். ஊற்றிய நிறத்துக்கு மட்டும் "நிரப்பியாச்சு" என்று ரீசெட் கொடுங்கள். அரைகுறையாக ஊற்றினால் ரீசெட் வேண்டாம்.

கோட்டுக்குக் கீழே போயும் அச்சடித்துக்கொண்டே இருந்தால், மைக்குப் பதில் காற்று குழாய்க்குள் ஏறும். மூடியைத் திறந்தால் மெல்லிய குழாயில் மை அறுந்து அறுந்து நிற்பது சில மாடல்களில் தெரியும். அச்சில் முதலில் வெள்ளைக் கோடுகள், அப்புறம் அந்த நிறமே காணாமல் போகும். சூட்டினால் மையைத் தெளிக்கும் தெர்மல் ஹெட் என்றால் இன்னும் மோசம்: அதைக் குளிரவைப்பதே மைதான், வறண்டு ஓடினால் ஹெட் கருகலாம்.

படி 3: காற்று ஏறிவிட்டதா? முதலில் மை ஊற்றி, எல்லா நிறமும் வருகிறதா என்று பார்க்கும் கோட்டு அச்சான நாசில் செக் எடுங்கள். கோடு விட்டிருந்தால் ஒரு ஹெட் கிளீனிங், மறுபடி நாசில் செக். மூன்று முறைக்கும் சரியாகவில்லை என்றால் அணைத்துவிட்டு ஒரு ராத்திரி, அதாவது 12 மணி நேரம், சும்மா விடுங்கள். நான் அவசரப்பட்டுத் தொடர்ந்து ஏழெட்டு முறை அழுத்தியதில் மைதான் வீணானது. மறுநாள் காலை ஒரே கிளீனிங்கில் கறுப்பு வந்தது.

படி 4: அதற்கும் மசியாவிட்டால் மட்டும் பவர் கிளீனிங். குழாயில் உள்ள மை முழுவதையும் உறிஞ்சித் தள்ளும் வேலை இது. டேங்கில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மை இல்லாமல் தொடங்கினால் காற்றைத்தான் மறுபடி இழுக்கும். தள்ளிய மை அடியில் இருக்கும் பஞ்சில்தான் போய்ச் சேரும். அந்தப் பஞ்சு நிறைவதற்கும் பிரிண்டர் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அது முடிந்தால் பஞ்சை மாற்றும்வரை அச்சே எடுக்காது.