ஒரு கிண்ணம் சாம்பாரில் எத்தனை கலோரி? வீட்டுச் சாப்பாட்டை ஆப்பில் பதிவதற்கு ஒரு செய்முறை

கலோரி கணக்குப் பார்க்கும் எந்த ஆப்பிலும் சாம்பார் என்று தேடினால் பதிவுகள் வரிசையாக வந்து நிற்கும். ஒன்று கிண்ணத்துக்கு 60 என்கிறது, இன்னொன்று 120 என்கிறது, மற்றொன்று 190 என்கிறது. எது சரி என்று குழம்ப வேண்டாம். மூன்றுமே ஏதோ ஒரு வீட்டில் சரிதான். உங்கள் வீட்டுச் சாம்பார் அதில் எது என்பதை மட்டும் அந்தப் பதிவு சொல்லாது.

மூன்று பாத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மூன்றிலும் காய், புளி, சாம்பார்ப் பொடி எல்லாம் சேர்ந்து 180 கலோரி என்று வைத்துக்கொள்ளலாம். துவரம்பருப்பு பச்சையாக 100 கிராமுக்கு 340 கலோரியை ஒட்டி வரும். எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது 15 மில்லி, 120 கலோரி.

முதல் வீட்டில் 100 கிராம் பருப்பு, தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய், தண்ணீர் தாராளம். மொத்தம் 560 கலோரி, சாம்பார் 1,900 கிராம். 200 கிராம் பிடிக்கும் கிண்ணத்துக்கு ஏறக்குறைய 60. இரண்டாம் வீட்டில் 150 கிராம் பருப்பு, இரண்டு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய். மொத்தம் 930, எடை 1,550 கிராம், கிண்ணத்துக்கு 120. மூன்றாவது வீட்டில் 200 கிராம் பருப்பு, மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெய், அரைத்துவிட 60 கிராம் தேங்காய். மொத்தம் 1,430, எடை 1,500 கிராம், கிண்ணத்துக்கு 190. பெயர் ஒன்று, அளவு ஒன்று, கலோரி மட்டும் மூன்று மடங்கு.

பாக்கெட் பிஸ்கட்டில் இந்தச் சிக்கல் இல்லை. தொழிற்சாலையில் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் மாவும் சர்க்கரையும் விழுகின்றன. வீட்டுச் சமையலில் எண்ணெயும் தண்ணீரும் கைப்பழக்கம். அதோடு, மைஃபிட்னஸ்பால் போன்ற ஆப்களில் பெரும்பாலான பதிவுகள் பயனர்களே போட்டவை. யாரோ ஒருவர் தன் வீட்டுக் கிண்ணத்தை வைத்துப் போட்ட எண்ணை நாம் நம் கிண்ணத்துக்கு எடுத்துக்கொள்கிறோம்.

முதலில், ஒரு பதிவு பொய்யா என்று பார்க்க

ஒரு கிராம் புரதத்துக்கு 4, மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9 கலோரி. ஆப்பில் ஒரு பதிவு 80 கலோரி என்று சொல்லி, கீழே புரதம் 9, மாவுச்சத்து 20, கொழுப்பு 6 கிராம் என்று காட்டுகிறது என்று வையுங்கள். பெருக்கிக் கூட்டினால் 36 + 80 + 54 = 170. மேலே இருப்பதோ 80. அந்தப் பதிவைத் தொடாதீர்கள். நார்ச்சத்தாலும் முழு எண்ணாக்குவதாலும் பத்து பதினைந்து வித்தியாசம் வருவது சகஜம், பாதிக்குப் பாதி வரக் கூடாது.

இதைவிடச் சுலபமான அடையாளம் ஒன்று உண்டு. பொரியல், கூட்டு, குழம்பு என்று பெயர் போட்டு, கொழுப்பு 0 அல்லது 1 கிராம் என்று இருந்தால், பதிந்தவர் காயை மட்டும் எழுதி எண்ணெயை விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

சோற்றில் வேறொரு குழி இருக்கிறது. அரிசி பச்சையாக 100 கிராமுக்கு 355 கலோரியை ஒட்டி வரும், வெந்த சோறு 130 அளவில். தட்டில் 200 கிராம் சோற்றை எடைபோட்டுவிட்டு, பச்சை அரிசிப் பதிவைத் தொட்டுவிட்டால் 260 இருக்க வேண்டிய இடத்தில் 710 ஏறிவிடும். சோற்றுப் பதிவு 100 கிராமுக்கு 300க்கு மேல் காட்டினால் அது வேகாத அரிசி.

தேவையானவை

5 கிலோ வரை தாங்கும், ஒரு கிராம் துல்லியம் காட்டும் டிஜிட்டல் சமையல் தராசு ஒன்று. எடையைப் பூஜ்யமாக்கும் பொத்தான் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். வழக்கமாகச் சமைக்கும் பாத்திரங்களை மூடியில்லாமல் காலியாக எடைபோட்டு, ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். "சாம்பார் குண்டா 740, பெரிய வாணலி 1,120" என்ற மாதிரி. இந்தத் தாள் இல்லாவிட்டால் மூன்றாம் நாளே அலுத்துப்போகும்.

சூடான பாத்திரத்தை நேராகத் தராசின் மேல் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் இளகும், எண்ணும் தடுமாறும். முதலில் ஒரு மரப்பலகையை வைத்துப் பூஜ்யமாக்கி, அதன்மேல் பாத்திரத்தை வையுங்கள். சோறு நிறைந்த பெரிய குக்கர் 5 கிலோவைத் தாண்டக்கூடும். அப்போது சோற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்றி எடை பாருங்கள்.

சமைக்கும்போது

பருப்பு, அரிசி, காய், தேங்காய் எல்லாவற்றையும் பச்சையாக, நறுக்கிய பிறகு எடைபோட்டு எழுதிக்கொள்ளுங்கள். கத்தரிக்காய் 20 கிராம் கூடினாலும் குறைந்தாலும் ஐந்தாறு கலோரிக்கு மேல் மாறாது, அதனால் காயில் ரொம்ப மெனக்கெட வேண்டாம். உங்கள் கவனமெல்லாம் நான்கில் இருக்கட்டும்: பருப்பு, அரிசி, தேங்காய், எண்ணெய்.

எண்ணெயை அளக்க ஸ்பூனைவிட நல்ல வழி இது. எண்ணெய்க் குப்பியைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். குப்பியை எடுத்து வழக்கம்போலக் கைப்பழக்கத்தில் ஊற்றுங்கள். திரும்பத் தராசில் வைத்தால் −27 என்று காட்டும். ஊற்றியது 27 கிராம், அதாவது 240 கலோரி. சமைப்பவர் வேறொருவர் என்றாலும் அவர் கையைத் தடுக்காமல் இப்படி அளந்துவிடலாம். நெய்ப் பாட்டிலுக்கும் இதே வழிதான்.

எண்ணெயை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்பதற்கு ஒரு பீன்ஸ் பொரியல் போதும். 250 கிராம் பீன்ஸில் 80 கலோரிகூட இல்லை. தாளிக்க இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 240, மேலே தூவ 40 கிராம் தேங்காய்த் துருவல் 140. மொத்தம் 460 கலோரியில் பாதிக்கு மேல் எண்ணெய்தான். ஆப்பில் பீன்ஸ் என்று மட்டும் பதிந்தவர் கணக்கில் ஆறில் ஒரு பங்குதான் ஏறியிருக்கும்.

ஆப்பில் ஏற்ற

சமைத்த பண்டம் என்று தேடாதீர்கள். ஆப்பில் `Recipes` அல்லது அதுபோன்ற பெயரில், சொந்தச் செய்முறையைச் சேமிக்கும் பகுதி இருக்கும். "எங்க வீட்டு சாம்பார்" என்று பெயர் கொடுத்து, பச்சைப் பொருள்களை ஒவ்வொன்றாகக் கிராமில் சேருங்கள். பச்சைப் பொருள்களின் பதிவு பெரும்பாலும் நம்பகமாக இருக்கும். சந்தேகம் வந்தால் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள் அட்டவணையோடு ஒப்பிடலாம். அதில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கும், 4.184ஆல் வகுத்தால் கலோரி கிடைக்கும்.

அடுப்பை அணைத்ததும் பாத்திரத்தோடு எடைபோட்டு, தாளில் உள்ள காலிப் பாத்திர எடையைக் கழியுங்கள். 2,290 கழித்தல் 740, சாம்பார் 1,550 கிராம். இப்போது `Servings` என்று கேட்கும் இடத்தில் 4 பேர் என்று போடாமல் 1550 என்று போடுங்கள். ஒரு பங்கு என்றால் ஒரு கிராம் என்று ஆகிவிடும். சாப்பிடும்போது தட்டைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, சாம்பாரை ஊற்றி, 180 கிராம் வந்தால் 180 பங்கு என்று பதியுங்கள். 108 கலோரி. அவ்வளவு பெரிய எண்ணை ஆப் ஏற்காவிட்டால் 155 என்று போட்டு, 10 கிராம் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊற்றும் முன் அடிவரை கலக்குங்கள். பருப்பு அடியில் தங்கும். மேலாக்கத் தெளிவாக மொண்டவருக்கும், அடியில் துழாவி எடுத்தவருக்கும் ஒரே குண்டாவில் இரண்டு கணக்கு.

இட்லிக்கு இவ்வளவு வேலை இல்லை. 400 கிராம் அரிசியும் 100 கிராம் உளுந்தும் போட்ட மாவில் மொத்தம் 1,750 கலோரி அளவில் இருக்கும். 36 இட்லி வந்தால் ஒன்றுக்கு 49. எண்ணிப் பதிந்தால் போதும். அதே மாவில் தோசை வார்த்தால் கல்லில் விடும் எண்ணெயைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

வடை, பஜ்ஜி, பூரிக்கு எண்ணெயைப் பொரிப்பதற்கு முன்பும், பொரித்து நன்றாக ஆறிய பின்பும் எடைபோடுங்கள். 620 கிராம் 540 ஆகியிருந்தால், 80 கிராமை 16 வடை குடித்திருக்கிறது. வடைக்கு 5 கிராம், 45 கலோரி. பருப்புக் கணக்கு தனி.

மாதத்துக்கு ஒரு முறை, எண்ணெய்ச் சோதனை

எவ்வளவு கவனமாக இருந்தாலும் எண்ணெய் எங்காவது நழுவும். அதைப் பிடிக்க மளிகைக் கணக்கைப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் தீர்கிறது என்று வையுங்கள். ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம், 270 கலோரி வருகிறது. ஆப்போ பால், முட்டை, தேங்காய் எல்லாம் சேர்த்து உங்களுடைய நாள் கொழுப்பே 25 கிராம்தான் என்று காட்டினால், எண்ணெய் பதிவாகவில்லை. பொரித்த எண்ணெயைக் கொட்டும் பழக்கம் இருந்தால் அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆப் காட்டும் எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது

இந்த வேலையெல்லாம் தினமும் செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலான வீடுகளில் எட்டுப் பத்துப் பண்டங்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொன்றையும் ஒரு முறை சரியாக அளந்து சேமித்துவிட்டால் பிறகு தட்டில் எடை பார்ப்பது மட்டும்தான் மிச்சம். ஆள் மாறிச் சமைத்தால் திரும்ப அளக்க வேண்டும்.

விருந்திலும் ஓட்டலிலும் அளக்க முடியாது. அங்கே அருகில் வரும் பதிவு ஒன்றை எடுத்து, மேலே ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயைச் சேர்த்துப் பதிந்துவிட்டு நகருங்கள்.

நடைப்பயிற்சிக்கு ஆப் திருப்பிக் கொடுக்கும் கலோரியைச் சாப்பிட்டுத் தீர்க்காதீர்கள். அது உத்தேசக் கணக்கு, பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும். அமைப்புகளில் அதை அணைத்துவைக்க வழி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

ஆப்பின் எண்ணைச் சரிபார்க்கும் கருவி எடை பார்க்கும் இயந்திரம். காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை எடுங்கள். ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்த ஒரு விருந்துக்கு மறுநாள் உப்பால் தண்ணீர் தங்கி ஒரு கிலோ ஏறி நிற்கலாம், அதனால் தனி நாள் எடை எதையும் சொல்லாது. தினமும் 400 கலோரி குறைவாகச் சாப்பிடுவதாக ஆப் மூன்று வாரம் காட்டியும் சராசரி எடை அசையவில்லை என்றால், பதிவில் அந்த 400 எங்கோ விடுபட்டிருக்கிறது. முதலில் எண்ணெய்ச் சோதனையைச் செய்யுங்கள். அது சரியாக இருந்தால் உங்கள் இலக்கை 150 குறைத்துவிட்டு இன்னும் மூன்று வாரம் பாருங்கள். பிழை தினமும் ஒரே அளவில் இருந்தால் இந்தத் திருத்தமே போதும்.

இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாட்டு அளவை மாற்றும் முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். மருந்தளவும் கூடவே மாற வேண்டியிருக்கும். அளக்காத சோற்றைத் தொடவே பயமாக இருக்கிறது, பதியாத நாளில் குற்ற உணர்ச்சி வருகிறது என்ற நிலை வந்தால் ஆப்பை அழித்துவிடுங்கள். அளந்து பழகிய கண்ணுக்கு 150 கிராம் சோறு எவ்வளவு என்று இதற்குள் தெரிந்திருக்கும்.